கீழே விட்ட நாலு விரல் இடம்

செப்டம்பர் 29, திங்கள்

சின்னவனுக்கு இன்று நாற்பத்தொரு நாள். தராசு மூன்று கிலோ காட்டியது. எட்டாம் மாதத்தில் அவசரப்பட்டு வந்தவனுக்கு இது பெரிய விஷயம் என்றார் டாக்டர். அந்தச் சந்தோஷத்தோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஹாஸ்டல் வார்டனிடமிருந்து போன்.

பெரியவள் மிளகின் அறையில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நேற்று அம்மை போட்டிருக்கிறதாம். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா, மூணு தோசைக்குக் கொறஞ்சு சாப்பிடறதில்ல. ஆனா வீட்ல கைக்குழந்தை இருக்குன்னு பாரத்துல எழுதியிருக்கீங்க. அதான் சொல்லி வைக்கிறேன்" என்றார். பண்டிகை லீவுக்கு உடம்பு சரியாக இருக்கிற பிள்ளைகளை அனுப்புவார்களாம். வீட்டார் கையெழுத்துப் போட்டால் போதும்.

அதாவது, முடிவு என் கையில்.

அக்டோபர் 1, புதன்

டாக்டரிடம் கேட்டேன். எதிரில் இருந்த நாள்காட்டியில் பேனாவை வைத்து எண்ணினார். மிளகு கடைசியாக அந்தப் பெண் பக்கத்தில் இருந்தது இருபத்தெட்டாம் தேதி. அதிலிருந்து இருபத்தொரு நாள். கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் "இப்ப நல்லாத்தானே இருக்கா" என்கிற பேச்சுக்கு இடமில்லை.

"உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா? வந்திருந்தா குழந்தைக்கும் கொஞ்சம் காப்பு இருக்கும்."

தெரியவில்லை. இதையெல்லாம் நினைவு வைத்திருந்தது என் அம்மா. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

"அப்ப பத்தொம்பதாம் தேதி வரைக்கும் பொறுங்க. குறைப்பிரசவக் குழந்தை, விஷப்பரீட்சை வேண்டாம்."

பண்டிகை பதினைந்தாம் தேதி. பிள்ளைகள் பதின்மூன்றாம் தேதி கிளம்பி இருபதாம் தேதி திரும்பவேண்டும். ஒரே ஒரு நாள் கூட மிச்சமாகவில்லை. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் இதே விடைதான்.

அக்டோபர் 2, வியாழன்

மிளகு இவனை இன்னும் தொட்டதே இல்லை. பிறந்த ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் அவளைக் கூட்டி வந்தபோது இவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். "மீன் தொட்டி மாதிரி இருக்கும்மா, தண்ணிதான் இல்ல" என்றாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே வீட்ல பையன் இருக்கான். நான் அங்கயே இருந்துக்கலாம்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பதினொரு வயது. நானும் சிரித்தேன்.

ஜூன் மாதம் அவளை ஹாஸ்டலில் விட்டது எதற்காக? நல்ல பள்ளிக்கூடம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் இவன் வயிற்றில் இருந்தபோது நான் எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்காவிட்டால் விட்டிருப்பேனா?

இப்போது மறுபடியும் அவனுக்காக அவளை.

அக்டோபர் 5, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. ஹாஸ்டல் ஆபீஸ் போனில் ஐந்து நிமிஷம் பேசலாம். மற்றபடி கடிதம்தான்.

சொல்லிவிடவேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் எடுத்த எடுப்பில், "அம்மா, எந்த பஸ்? பகலா ராத்திரியா? அப்பா போடற கடைசி சீட்தான?" என்றாள். பின்னால் அடுத்த பெண் "சீக்கிரம்டி" என்கிற சத்தம்.

நான் என்ன சொன்னேன்? "லெட்டர் போடறோம், அதுல எல்லாம் இருக்கும்."

கோழை.

அக்டோபர் 6, திங்கள்

கடிதம். ஹாஸ்டல் சட்டம்: பதினைந்து நாளைக்கு ஒன்று, ஒரே தாள், உறையில் பிள்ளையின் பெயரும் அறை எண்ணும். எட்டாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்களின் கடிதங்களை வார்டன் படித்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தருவார். ஒரே தாள் என்பதால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. மேலே நான். கீழே நாலு விரல் இடம் அவருக்கு. பின்பக்கம் எழுதினால் மை ஊறித் தெரியும் என்று எழுதுவதில்லை.

நாளைக்குள் தபாலில் சேர்த்தால் வெள்ளி அல்லது சனிக்கிழமை போய்ச் சேரும். ஞாயிறு அவள் கைக்கு. திங்கட்கிழமை மற்ற பெண்கள் பெட்டியைத் தூக்கும்போது இவள் ஏன் தூக்கவில்லை என்பது அதற்கு முன் அவளுக்குத் தெரிந்தாகவேண்டும்.

நான்கு தாள் வீணாயிற்று. முதல் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். "தம்பிக்கு ஆகாது என்பதால்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்த ஒரு வரியைத்தான் அவள் வாழ்நாள் முழுக்க வைத்திருப்பாள். இரண்டாவதில் லீவு இல்லை என்று ஹாஸ்டல் மேல் பழி போட்டேன். மற்ற பிள்ளைகள் போவதைக் கண்ணால் பார்ப்பாளே, கிழித்தேன். மூன்றாவதில் எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். பயந்துவிடுவாள், கிழித்தேன்.

நான்காவது:

"அன்பு மிளகுக்கு, அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்தப் பண்டிகைக்கு பஸ்ஸில் கூட்டம் மிக அதிகம் என்பதால் எவ்வளவு முயன்றும் உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வருத்தப்படாதே. புதுச் சட்டை பார்சலில் வருகிறது. பண்டிகையன்று தலைக்குக் குளித்து அதைப் போட்டுக்கொள். உன்னோடு தங்குகிற பிள்ளைகளோடு சேர்ந்து சந்தோஷமாக இரு. வார்டன் சொல்வதைக் கேள். அடுத்த லீவுக்குக் கட்டாயம் வரலாம்."

சரளமாக வந்தது. பொய் என்றால் எனக்குக் கை நிற்பதே இல்லை போலிருக்கிறது.

அவர் படித்துவிட்டு என்னையே பார்த்தார். "யாருக்கு எழுதியிருக்கே இது?"

"ஏன்?"

"பத்து வருஷமா பஸ் டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். ஊருக்கே சீட் போடறவன் பொண்ணுக்கு டிக்கெட் கிடைக்கலையா? கேக்கறவ மிளகு. கேனச்சி இல்ல."

"வேற என்ன எழுதச் சொல்றீங்க? தம்பி வந்துட்டான், நீ வராதேன்னு எழுதவா?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கீழ நான் எழுதி, நாளைக்கு ஒட்டிப் போட்டுடறேன்." அன்பு, ஆசி, நல்லாப் படி என்று இரண்டு வரி எழுதுவார். எப்போதும் அப்படித்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

கடிதமும் பார்சலும் போய்விட்டன. சட்டையை ஜூன் மாத அளவுக்குத் தைத்தது நினைவு வந்தது, பார்சல் போன பிறகு.

அக்டோபர் 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடவேண்டும்.

பதினொரு மணிக்கு வார்டன். "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே தாள்லதான எழுதறீங்க? ஒருத்தர் எழுதினத ஒருத்தர் படிக்க மாட்டீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவரே போனில் படித்துக் காட்டினார், கணக்குப் பாடம் வாசிப்பது போல.

"மிளகு, மேலே அம்மா எழுதியதைப் படித்திருப்பாய். டிக்கெட் இருக்கிறது. அப்பா இருக்கும்போது உனக்கு டிக்கெட் இல்லாமல் போகுமா? உன் அறையில் அம்மை போட்டதால் பத்தொன்பதாம் தேதி வரை நீ தம்பி பக்கத்தில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் ரொம்பச் சின்னது. அம்மா இதை உன்னிடம் சொல்லப் பயப்படுகிறாள். நீ புரிந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்றாம் தேதி பஸ்ஸில் கடைசி சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புதான் வரும்."

"நாளைக்குக் காலையில குடுக்கணும்" என்றார் வார்டன். "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. படிச்சா பிள்ளை எத நம்பும்? உங்க வீட்டு விஷயம், நான் தலையிடல. என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. அப்படியே குடுக்கவா?"

நான் யோசித்தேனா? யோசிக்கவே இல்லை. அவள் என்னைப் பொய் சொன்னவள் என்று பார்ப்பாள், அது மட்டும்தான் கண்முன் நின்றது. அவள் தனியாக இருக்கப்போகிறாளே என்பதுகூட இல்லை. என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதுதான்.

"கீழ்ப் பகுதிய வெட்டிட்டுக் குடுத்துடுங்க மேடம்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. பண்டிகைக் கூட்டம், விடிந்தால் போனால் இருட்டித்தான் வருகிறார். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நேரம் இருந்தது. சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன், நாளைக்கு வேறு சட்டை எடுத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் கிளம்பியிருப்பார்கள்.

"கடைசி சீட்ல ஒரு தாத்தா உக்காந்து போனார். நல்லாக் குறட்டை விட்டார்" என்றார் அவர், சாப்பிடும்போது.

அக்டோபர் 15, புதன்

பண்டிகை. மாடி வீட்டு அக்கா வந்து, "பெரியவ வரலையா?" என்றாள். "டிக்கெட் கிடைக்கலக்கா" என்றேன். அந்த அக்காவுக்கும் இவர் வேலை தெரியும். கொண்டுவந்த இனிப்பில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, "இத அவளுக்குன்னு வை" என்று மட்டும் சொன்னாள்.

சின்னவன் இன்று முதல் தடவையாகச் சிரித்தான். பசியா வாயுவா தெரியவில்லை, உதடு ஒரு பக்கம் போயிற்று. பார்க்கவேண்டியவள் பார்க்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மிளகின் பதில் வந்தது. அதைப் பார்த்து அப்படியே இங்கே எழுதுகிறேன். எழுதி எழுதியாவது எனக்கு உறைக்கட்டும்.

"அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, மிளகு எழுதுவது. நான் நலம். அம்மை வரவில்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். சட்டை வந்தது. கை கொஞ்சம் குட்டை, மடித்துவிட்டால் தெரியாது. இங்கே நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். சமையல் அண்ணன் எங்களுக்கு மட்டும் தனியாகச் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா, ஒன்று கேட்க வேண்டும். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வேலை போய்விட்டதா? அப்பா எழுதும் இடம் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டினது போல நேராக இருக்கிறது. அப்பா வருத்தமாக ஏதாவது எழுதி வார்டன் மேடம் வெட்டிவிட்டார்களா? வேலை போயிருந்தால் என்னிடம் சொல்லலாம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட முடியாவிட்டால் நம் தெருவில் இருக்கிற பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்துகொள்கிறேன். அதுவும் நல்ல பள்ளிக்கூடம்தான். தம்பிக்குப் பால் பவுடர் வாங்க வேண்டும் இல்லையா? அப்பாவைத் திட்டாதீர்கள்."

அப்பாவைத் திட்டாதீர்கள்.

ஐந்து நாளாக இதை மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. பண்டிகை அன்னிக்கு, குட்டைக் கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, அப்பாவுக்கு வேலை போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு. நான் இங்க உக்காந்து, அவ என்னைப் பத்தி என்ன நினைப்பாளோன்னு கவலைப்பட்டேன். அவ என்னைப் பத்தி ஒண்ணுமே நினைக்கல. என்னை நம்பிட்டா. அதான் நடந்தது. நான் எழுதினத ஒரு எழுத்து விடாம நம்பிட்டா.

அக்டோபர் 18, சனி

நேற்று அவர் வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்தார்.

"நான் எழுதினது எங்க?"

சொன்னேன். வார்டன் கேட்டதை, நான் சொன்னதை. ஒன்றையும் மறைக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"நான் உங்கிட்டக் காட்டாம ஒட்டினது தப்புதான்" என்றார். "காட்டினா வேண்டாம்பேன்னு தெரியும். அதான் காட்டல." பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டே, "ஆனா நான் எழுதினேன். நீ வெட்டினே."

இன்று பத்து மணிக்கு கவுண்டரிலிருந்தே ஹாஸ்டலுக்குப் போன் செய்திருக்கிறார். முதல் ஞாயிறு இல்லை, விதிப்படி முடியாது. அவசரம் என்று சொன்னதும் வார்டன் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டாராம். இவர் அவளிடம் சொன்னதை எனக்கு வந்து சொன்னார்:

"மிளகு, எனக்கு வேலை இருக்கு. இந்த நிமிஷம் கவுண்டர்லதான் உக்காந்திருக்கேன். சத்தம் கேக்குதா?" என்று போனைக் கம்பி வழியாக வெளியே நீட்டினாராம். வரிசையில் நின்றவர் ஒருவர், "யோவ், டிக்கெட்டக் குடுத்துட்டுக் குடும்பம் நடத்துய்யா" என்று கத்தினாராம். அந்தப் பக்கம் மிளகு சிரித்தாளாம். சிரித்துவிட்டு அழுதாளாம்.

அம்மையைப் பற்றி, தம்பியைப் பற்றி, இருபத்தொரு நாளைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். "அவ்வளவுதானா?" என்று கேட்டாளாம். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வெட்டினது?" என்று நான் கேட்டேன்.

"கேட்டா. வார்டனான்னு. அம்மாகிட்டக் கேளுன்னுட்டேன். அத நீதான் சொல்லணும்."

அக்டோபர் 19, ஞாயிறு

இருபத்தொன்றாம் நாள். போன் செய்து கேட்டேன். ஒரு பொட்டுக்கூட இல்லையாம். பண்டிகைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகியிருக்கலாம். டாக்டர் சொன்னது சரி. வராதே என்றது சரி. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கப் பார்க்கிறேன். ஆனால் நான் செய்தது அது மட்டும் இல்லையே.

அக்டோபர் 25, சனி

வந்துவிட்டாள். இரண்டு நாள் தனி அனுமதி. பண்டிகைக்குப் போகாத பிள்ளை என்று வார்டனே பாரத்தில் எழுதிக் கொடுத்தாராம். கடைசி சீட்டில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

வாசலிலேயே நின்றுவிட்டாள். "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். சொந்த வீட்டில். கையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், முழங்கை வரை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள். மடியில் தலையணை வைத்து அவனைக் கிடத்தினேன். மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வெயிட்டே இல்லம்மா."

"மூணே முக்கால் கிலோ."

"தலைதான் பூரா வெயிட்டு. அப்பா மாதிரி."

அவர் வெளியிலிருந்து, "கேக்குது" என்றார்.

மாடி வீட்டு அக்கா எடுத்து வைக்கச் சொன்ன இனிப்பு கல்லாகிவிட்டது. அதையும் கடித்துத் தின்றாள்.

இன்றைக்குச் சொல்லவில்லை. அவள் முகம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

தலை பின்னும்போது சொன்னேன். முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது என்பதால்தான் பின்னும்வரை காத்திருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

"அப்பா எழுதினத வெட்டினது வார்டன் இல்ல. நான்தான் வெட்டச் சொன்னேன்."

தலை அசையவில்லை.

"ஏன்?"

"டிக்கெட் இல்லன்னு எழுதினது பொய். உனக்குத் தெரிஞ்சிடும்னு."

"அது ஏன் பொய் எழுதினே?"

"தம்பிக்காக உன்னை வேண்டாங்கறோம்னு நீ நெனச்சுடுவேன்னு பயம்."

நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். சரியாக வரவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"அய்யோ" என்றாள். "நான் அவங்கதான்னு நெனச்சு ரெண்டு வாரமா வார்டன் மேடத்துக்கு குட் மார்னிங் சொல்லல. எதிர்ல வந்தா சுவத்தப் பாத்துக்கிட்டுப் போவேன். அவங்களும் ஒண்ணும் சொல்லல."

அந்த அம்மாள் ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்.

"போய் சாரி சொல்லணும்" என்றாள். கோபமா என்று கேட்டேன். "தெரியல" என்றாள். மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தம்பியின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டாள். எனக்குக் கை காட்டினாள். கட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

கடிதம் எழுதும் நாள். அவரை முதலில் கீழே எழுதச் சொல்லி, அதைப் படித்துவிட்டு, பிறகு மேலே நான் எழுதினேன். அவரும் படித்தார். "எழுத்துப் பிழை ரெண்டு" என்றார். ஒட்டினோம்.

நவம்பர் 6, வியாழன்

மிளகின் கடிதம் வந்தது. வார்டனுக்கு இப்போது ஒரு நாளைக்கு இரண்டு குட் மார்னிங் சொல்கிறாளாம், பாக்கியைத் தீர்க்க. "போதும்டி, கணக்கு முடிஞ்சுபோச்சு" என்றாராம் அவர். அறிவியலில் இருபதுக்குப் பதினேழு. சட்டைக் கையை அறைத்தோழி பிரித்துவிட்டுத் தைத்துத் தந்திருக்கிறாள்.

தாளின் அடியில் நாலு விரல் இடம் விட்டு, குறுக்கே அளவுகோல் வைத்துப் புள்ளிக் கோடு போட்டிருக்கிறாள். கோட்டின் ஓரத்தில் ஒரு கத்தரிக்கோல் படம். பக்கத்தில், "அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் இங்கே வெட்டிக்கொள்ளலாம்."

கோட்டுக்குக் கீழே:

"எனக்குத் தம்பி மேல் கோபம் இல்லை. அம்மா மேல் கொஞ்சம் இருக்கிறது. தலை பின்னிய ஞாயிறை விட இப்போது குறைவு."

அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இந்த நோட்டில் வைக்க மடித்தேன். கோட்டின் மேல் மடிப்பு விழாமல் மடிக்க, மூன்று தடவை பிரித்து மடிக்கவேண்டியிருந்தது.